கேட்டு வாங்குங்கள்: அடைப்புக்குறியைத் தொலைத்தவர்கள்

மாம்பழ மண்டிக்கான கணக்கு ஷீட் ஒன்றை 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். லிப்ரே ஆபீஸில் திறந்தால் தொகை வரவேண்டிய இடத்தில் Err:508 என்று நிற்கிறது. விற்றவர் "உங்கள் கம்ப்யூட்டர் பழசு" என்கிறார்.
*– வாசகர், போச்சம்பள்ளி*

உங்கள் கம்ப்யூட்டரின் மேல் எந்தப் பழியும் இல்லை. 508 என்றால் அடைப்புக்குறிக்கு ஜோடி இல்லை என்று பொருள். புதுக் கம்ப்யூட்டரிலும் அதுவேதான் வரும். நீங்கள் அனுப்பிய ஃபார்முலா இது:

```
=IF(B2>0,ROUND((B2-C2*D2,0),0)
```

B2 மொத்த எடை, C2 கழிவு, D2 கிலோ விலை. இடமிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். திறக்கும் குறிக்கு ஒன்று கூட்டுங்கள், மூடும் குறிக்கு ஒன்று கழியுங்கள். கடைசியில் பூஜ்யம் வரவேண்டும். இங்கே ஒன்று மிஞ்சுகிறது. அதாவது மூடும் குறி ஒன்று குறைகிறது. பலர் இத்தோடு நிறுத்திவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பார்கள். சேர்த்துப் பாருங்கள், சரியான தொகை வராது.

எங்கே குறைகிறது என்பதைக் காற்புள்ளிதான் காட்டும். IF-க்குப் பின் எண்ணிக்கை 1. முதல் காற்புள்ளி அங்கே வருகிறது, அது IF-க்கு உரியது, சரி. ROUND-க்குப் பின் 2. அடுத்த வெறும் அடைப்பில் 3. அந்த 3-லேயே அடுத்த காற்புள்ளி வந்துவிடுகிறது. பெயரில்லாத வெறும் அடைப்புக்குள் காற்புள்ளிக்கு வேலை இல்லை. ஆகவே அந்தக் காற்புள்ளிக்கு முன்னாலேயே அது மூடியிருக்கவேண்டும்.

மூட அர்த்தமுள்ள இடம் இரண்டு: C2-வுக்குப் பின், அல்லது D2-வுக்குப் பின். இரண்டிலும் பிழைச்செய்தி மறைந்துவிடும். எது சரி என்பதைக் கணக்குதான் சொல்லவேண்டும். எடை 1,200 கிலோ, கழிவு 50, விலை 30 என்று போடுங்கள். D2-வுக்குப் பின் மூடினால் −300 வருகிறது. விவசாயி பழத்தையும் கொடுத்து 300 ரூபாயும் கொடுக்கவேண்டும் போலிருக்கிறது! C2-வுக்குப் பின் மூடினால் 1,150 கிலோவுக்கு 34,500. அதுதான் சரி:

```
=IF(B2>0,ROUND((B2-C2)*D2,0),0)
```

நீங்களே திருத்திக்கொண்டாலும் 800 ரூபாயை விட்டுவிடாதீர்கள். வேலை செய்யாத பொருளை விற்றுவிட்டு வாங்கியவரையே குறை சொல்லும் ஆள் அவர். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

நாற்காலி, பந்தல் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். விலைக்கு வாங்கிய ஷீட்டில் வண்டிக் கூலியை நானே சேர்த்தேன். எக்செல் தானாகவே சரிசெய்துகொண்டது, பிழை எதுவும் வரவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?
*– வாசகர், பென்னாகரம்*

கொடுக்க முடியாது. தப்பு ஷீட்டில் இல்லை. நீங்கள் தட்டியது `=(B2*C2+D2*0.9`. மூடாமல் விட்டதை எக்செல் கடைசியில் மூடிவிட்டது. 400 நாற்காலி 15 ரூபாய் வீதம் 6,000, வண்டி 1,000. பத்து சதவீதத் தள்ளுபடி போக 6,300 வரவேண்டும். உங்கள் பில்லில் 6,900. தள்ளுபடி வண்டிக் கூலிக்கு மட்டும்தான் போயிருக்கிறது. வாடிக்கையாளர் பக்கம்தான் நியாயம். 600 ரூபாயை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. எக்செல் சில வேளை திருத்தத்தைக் காட்டி "ஏற்கலாமா" என்று கேட்கும், சில வேளை கேட்காமலே செய்துவிடும். அதற்குத் தெரிவது குறிகளின் எண்ணிக்கை. உங்கள் தொழில் அதற்குத் தெரியாது. படிக்காமல் "ஆம்" அழுத்துகிறவர்கள் கடன் பத்திரத்தையும் அப்படியே கையெழுத்திடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வி வந்தால் "இல்லை" சொல்லிவிட்டு ஃபார்முலாவுக்குள் திரும்புங்கள். ஒரு ஜோடிக் குறிகள் ஒரே நிறத்தில் தெரியும். அம்புக்குறி விசையால் ஒரு குறியைக் கடந்தால் அதன் ஜோடி ஒரு கணம் தடித்துக் காட்டும். எந்தக் குறி எதை மூடுகிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். கேள்வியே வராவிட்டாலும், மனக்கணக்கில் விடை தெரிந்த ஒரு பழைய பில்லைப் போட்டுப் பார்த்த பிறகே புது ஃபார்முலாவில் பில் போடுங்கள்.

99 ரூபாய்க்கு 5,000 ரெடிமேட் ஷீட் தருகிறார்களாம். வாங்கலாமா?
*– வாசகி, ஓசூர்*

வேண்டாம்.

மூடும் அடைப்புக்குறி சில நேரம் விழுவதே இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.
*– வாசகர், அரூர்*

ஷிஃப்ட் இல்லாமல் பூஜ்யத்தைப் பத்து முறை தட்டிப் பாருங்கள். அதுவும் விட்டுவிட்டு விழுந்தால் கெட்டது அந்த ஒரு விசைதான். இரண்டும் ஒரே விசை. தருமபுரியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய கீபோர்டும் இப்படித்தான் இருந்தது. 1,000 தட்டினால் 100 விழும். பில்லும் கேட்டு வாங்கவில்லை, மாற்றியும் தரவில்லை. நீங்கள் பில்லோடு ஒரு கீபோர்டு மட்டும் வாங்குங்கள். கடையிலேயே செருகிப் பூஜ்யத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.