சம்பள அட்வான்ஸும் கடன் தவணையும்: பிடித்தம் எந்தப் பேரேட்டில் ஏற வேண்டும்? (கேள்வி பதில்)

திருப்பூர், பனியன் கம்பெனிக் கணக்கர்: ஐயா, அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே சம்பளச் செலவில் எழுதிவிடுகிறேன். மாத முடிவில் பிடித்தம் போக மீதியை மட்டும் சம்பளமாக எழுதுகிறேன். ஆண்டு மொத்தம் சரியாகத்தானே வரும்? ஆடிட்டர் ஏன் குறை சொல்கிறார்?

மொத்தம் சரியாக வரும், அம்மா. ஆனால் ஆண்டு முடிவதற்குள் அட்வான்ஸ் முழுவதும் பிடித்து முடிந்தவர்களுக்கு மட்டும். தீபாவளிக்குக் கொடுத்த 12,000 ரூபாயில் மார்ச் 31 அன்று 2,000 ரூபாய் வர வேண்டியிருந்தால், அந்த 2,000 ரூபாய் கம்பெனியின் சொத்து. நீங்கள் அதைச் செலவாக்கிவிட்டதால் அது ஐந்தொகையில் எங்கும் தென்படாது. அந்தத் தொழிலாளி ஏப்ரலில் நின்றுவிட்டால், அவரிடம் பணம் வர வேண்டும் என்று சொல்ல உங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

இன்னொரு சிக்கல் மாதந்தோறும் வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அவர் ஈட்டிய முழுச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அட்வான்ஸ் போன மீதியை வைத்து அல்ல. சம்பளப் பதிவேடு ஒரு தொகையையும் செலவுப் பேரேடு வேறொரு தொகையையும் காட்டும்போது, ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

நாள் ஒன்றுக்கு 700 ரூபாய் வீதம் 26 நாள் வேலை செய்து 18,200 ரூபாய் ஈட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அட்வான்ஸ் தவணை 2,000, கடன் தவணை 3,000. கம்பெனி பி.எஃப்.-ஐ 15,000 ரூபாய் வரம்புக்குள் பிடிக்கிறது என்று கொண்டால் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ரூபாய்க்கு உயர்த்தினால் 137. அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் அவருடைய அட்வான்ஸ் பேரேட்டில் பற்று, வங்கியில் வரவு; சம்பளச் செலவை அன்று தொடவே கூடாது. மாத முடிவில் சம்பளச் செலவில் 18,200 முழுவதும் பற்று எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் பி.எஃப். செலுத்த வேண்டியது 1,800, இ.எஸ்.ஐ. செலுத்த வேண்டியது 137, அட்வான்ஸ் 2,000, கடன் 3,000, கொடுபட வேண்டிய சம்பளம் 11,263. முதலாளி பங்குக்குத் தனிப் பதிவு.

எல்லாருக்கும் சேர்த்து ‘ஸ்டாஃப் அட்வான்ஸ்’ என்று ஒரே பேரேடு வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பேரேடு, அட்வான்ஸ் தனி, கடன் தனி. இதை இன்று எத்தனை முறை சொல்ல வேண்டிவருமோ தெரியவில்லை.

அவினாசி: டேலியில் பிடித்தத் தொகை லாப நட்டக் கணக்கில் வருமானமாக வந்து நிற்கிறது. எங்கே தவறு?

பிடித்தத்துக்கான தலைப்பை உருவாக்கியபோது `Under` என்ற இடத்தில் `Indirect Incomes` தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அங்கே `Loans & Advances (Asset)` இருக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு இப்போதே மாற்றிவிடாதீர்கள்: அந்தத் தலைப்பின் குழுவை மாற்றினால் அதே தரவில் உள்ள பழைய ஆண்டுகளின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். கையொப்பமான ஐந்தொகை ஒன்று, திரையில் தெரிவது ஒன்று என்று ஆகும். சென்ற ஆண்டும் இதே தலைப்பில் எழுதியிருந்தால், இந்த ஆண்டுக்குப் புதுத் தலைப்பு ஒன்றை உருவாக்கி, பழைய ஆண்டின் பிழையை ஆடிட்டரிடம் சொல்லித் தனிப் பதிவாகச் சரிசெய்யுங்கள்.

ஈரோடு, சாயப்பட்டறை நிர்வாகப் பிரிவு: ஒருவர் மஞ்சள் காமாலையால் அந்த மாதம் 10 நாள்தான் வந்தார். அட்வான்ஸ் 2,000, கடன் 3,000 இரண்டையும் மென்பொருள் முழுதாகப் பிடித்துவிட்டது. கையில் ஆயிரத்துச் சொச்சம்தான் நின்றது. முதலாளி, ‘பாவம், வேண்டிய பணத்தைப் புது அட்வான்ஸாகக் கொடுத்துவிடு’ என்கிறார். சரிதானா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் நின்று பதில் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் முதலாளியின் மனம் நல்லது, வழிதான் சரியில்லை.

அவருக்கும் நாள்கூலி 700 என்றே கொள்வோம். ஈட்டியது 7,000. பி.எஃப். 12 சதவீதம் 840, இ.எஸ்.ஐ. 53, இரண்டும் 893. அதனுடன் 5,000 தவணையும் சேர்ந்தால் மொத்தப் பிடித்தம் 5,893, கையில் 1,107. சட்டப்படி ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஈட்டிய சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவையும் அந்தப் பாதிக்குள்தான் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே எல்லை 3,500. அதில் 893 போக, தவணைக்கு மிஞ்சுவது 2,607 மட்டுமே.

இந்த 2,607 ரூபாயை எதில் முதலில் கழிப்பது என்பது கம்பெனி எழுதி வைத்திருக்க வேண்டிய விதி. குறுகிய கால அட்வான்ஸ் முதலில் என்று விதி இருந்தால், அட்வான்ஸ் பேரேட்டில் 2,000, கடன் பேரேட்டில் 607 வரவு. பிடிக்காமல் விட்ட 2,393 ரூபாய்க்கு எந்தப் பதிவும் தேவையில்லை. அது கடன் பேரேட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முழுதாகப் பிடித்ததாகக் காட்டிவிட்டு 2,393 ரூபாயைப் புது அட்வான்ஸாகக் கொடுத்தாலும் அவர் கையில் சேர்வது அதே 3,500தான், பேரேடும் சமன்படும். ஆனால் சம்பளப் பதிவேட்டில் 7,000 ரூபாய்க்கு 5,893 பிடித்ததாக ஒரு வரி நிலையாக இருக்கும். வரம்பு மீறலுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. தவிர, கடன் ஒழுங்காக அடைபடுகிறது என்று கடன் பேரேடு சொல்லும். அட்வான்ஸ் பேரேடு மட்டும் காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொன்று. தவணை அட்டவணையை எக்செல்லில் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்றால், அதில் இந்த மாதம் 5,000 தானாகக் கழிந்திருக்கும். பேரேட்டிலோ 2,607தான் கழிந்திருக்கும். கடைசித் தவணை வரும்போது எக்செல் ‘முடிந்தது’ என்னும், பேரேடு ‘இன்னும் 2,393’ என்னும். இதற்கு நேர்மாறாக, கடன் தீர்ந்த பிறகும் மென்பொருள் பிடித்துக்கொண்டே போவதும் உண்டு. அப்போது அவருடைய பேரேட்டில் வரவு இருப்பு விழும். அட்வான்ஸ் பேரேட்டில் வரவு இருப்பு என்றால் கம்பெனி அவருக்குத் தர வேண்டியிருக்கிறது என்று பொருள். எல்லாருக்கும் ஒரே பேரேடு வைத்திருப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. ஒருவரிடம் அதிகம் பிடித்தது இன்னொருவரிடம் பிடிக்காததோடு கலந்து, மொத்தம் அழகாக இருக்கும்.

கோவை, மில் தொழிலாளர்: பாதி என்பது தவறு. 75 சதவீதம் வரை பிடிக்கலாம் என்று எங்கள் மில்லில் பல வருடமாகப் பிடிக்கிறார்கள்.

உங்கள் மில்லில் ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கப் பிடித்தம் இருந்திருக்கும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூட்டுறவுச் சங்கத்துக்கான பிடித்தம் சேரும்போது 75 சதவீதம் என்றும், மற்ற நிலைகளில் 50 என்றும் வைத்திருந்தது. ஈரோட்டுக்காரரின் நிலையில் சங்கமே இல்லை. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலோ 50 சதவீதம் என்ற ஒரே வரம்புதான். அதைத் தாண்டும் தொகையை எப்படி வசூலிப்பது என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள்.

கரூர், ஏற்றுமதி நிறுவனம்: அந்தச் சங்கப் பிடித்தத்தையும் அட்வான்ஸ் போலவே வரவு வைக்கலாமா?

கூடாது. அது உங்கள் பணம் அன்று. ‘சங்கத்துக்குச் செலுத்த வேண்டியது’ என்ற பொறுப்புப் பேரேட்டில் வரவு, சங்கத்துக்குக் கட்டும்போது பற்று.

கோவை, ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியாளர்: ஐயா, முதல் பதிலில் பிடித்தத்தை மாத முடிவிலேயே எழுதச் சொல்லிவிட்டீர்கள். மார்ச் சம்பளம் கைக்கு வருவது ஏப்ரல் 7. பிடித்தம் நடப்பதும் அன்றுதான். மார்ச் 31 அன்று அட்வான்ஸ் நிலுவையைக் குறைத்துக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

மார்ச் மாத வேலை மார்ச் 31 அன்று முடிந்துவிட்டது, தம்பி. அந்த மாதச் சம்பளப் பட்டியலிலேயே பிடித்தமும் இருக்கிறது. கம்பெனி உண்மையில் கொடுக்கப்போவது 11,263. கொடுபட வேண்டிய சம்பளத்தை 16,263 என்று காட்டி, மறுபுறம் 5,000 ரூபாயைச் சொத்தாகவும் காட்டுவது இரண்டு பக்கத்தையும் வீணாகப் பெருக்குவதாகும்.

அதே பயிற்சியாளர்: கடன் ஒப்பந்தத்தில் ‘சம்பளம் வழங்கும் நாளில் தவணை’ என்று எழுதியிருந்தால்? ஏப்ரல் 3 அன்று அவர், இந்த மாதம் பிடிக்காதீர்கள் என்று கேட்டு முதலாளியும் ஒப்புக்கொண்டால்? மார்ச் 31 தேதியிட்ட நிலுவை உறுதிக் கடிதத்தில் எந்தத் தொகைக்குக் கையெழுத்து வாங்குவது?

சோமனூர், கணக்குப்பிள்ளை: எப்படி எழுதினாலும் லாபம் மாறாது. வருடா வருடம் ஒரே மாதிரி எழுதினால் போதாதா?

லாபம் மாறாது என்பது சரி. ஒரே முறையைத் தொடர வேண்டும் என்பதும் சரி. ஆனால் வட்டி உள்ள கடனாக இருந்தால் ‘போதாதா’ என்று விட முடியாது. ஒப்பந்தம் பட்டுவாடா நாளைச் சொல்லுமானால் அந்த நாள் வரை வட்டி ஓடும்; அந்த அளவுக்குத் தம்பியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. வட்டியில்லாத அட்வான்ஸுக்கு நான் மாத முடிவுப் பதிவையே வைத்துக்கொள்வேன். ஏப்ரல் 3 அன்று மனம் மாறினால் அது ஏப்ரலில் எடுத்த முடிவு, ஏப்ரலில் திருத்துங்கள்.

அதே பயிற்சியாளர்: எங்கள் அலுவலகத்தில் பட்டுவாடா நாளைத்தான் வைக்கிறோம், ஐயா. உறுதிக் கடிதத்தில் தொழிலாளிக்குத் தெரிந்த தொகையும் அதுதான்.

வையுங்கள். உங்கள் ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார், நான் போடவில்லை. ஆனால் இரண்டு முறையும் ஒரே கம்பெனியில் கலந்தால், அந்த மார்ச்சில் சிலருக்குத் தவணை கழிந்தும் சிலருக்குக் கழியாமலும் நிற்கும்.

திருப்பூர்: டேலியில் பிடித்தம் வருமானமாகக் காட்டுகிறது, என்ன செய்வது?

அவினாசிக்காரருக்குச் சொன்ன பதிலை முழுவதும் வாசியுங்கள், குறிப்பாகப் பழைய ஆண்டுகள் பற்றிய பகுதியை.

பெருந்துறை: சம்பளத்தில் பிடித்தம் அதிகமாக இருந்தால் வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்குமா?

வங்கி மேலாளரிடம் கேளுங்கள்.

பல்லடம், தறி உரிமையாளர்: 40,000 முன்பணம் வாங்கியவர் பாக்கியை அடைக்காமல் பக்கத்துத் தறிக்குடோனுக்குப் போய்விட்டார். அந்த முதலாளி பாக்கியைக் கட்டுவதாகச் சொல்கிறார். எப்படி எழுதுவது? பாக்கி தீரும் வரை ஆளை அனுப்பாமல் இருந்திருக்கலாமோ?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் நிறுத்துவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தச் சட்டத்தின் கீழ் கடனே செல்லாமல் போய்விடும். முன்பணம் பணக் கணக்காக மட்டும் இருக்கட்டும்.

மற்றவர் கட்டினால், வங்கியில் பற்று, அந்தத் தொழிலாளியின் பேரேட்டில் வரவு; யார் கட்டினார் என்பதை விவரத்தில் எழுதுங்கள். அவர் பெயரில் தனிப் பேரேடு இருக்கிறதா? இல்லையென்றால் 40,000 என்ற தொகையே எங்கிருந்து வந்தது என்று அந்த முதலாளி கேட்பார். கடைசிச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தீர்கள் என்பதும் அங்கே தெரிய வேண்டும்.

உடுமலை: நின்றுபோனவரின் பி.எஃப். பணத்திலிருந்து எங்கள் கடனை எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. பி.எஃப். தொகை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பணிக்கொடையிலும் கை வைக்க நினைக்காதீர்கள். கடைசி மாதச் சம்பளத்தில் வரம்புக்குள் பிடியுங்கள். மீதி அவர் பேரேட்டில் நிலுவையாக நிற்கட்டும், எழுதிக் கேளுங்கள். இனி வராது என்று உறுதியானால், முதலாளியின் ஒப்புதல் கடிதத்தை வைத்து வராக்கடனில் பற்று, அவர் பேரேட்டில் வரவு. சம்பளச் செலவில் மட்டும் தள்ளாதீர்கள்.

காங்கேயம்: டேலியில் அட்வான்ஸ் பிடித்தம்...

அவினாசி.