தண்ணீருக்கே புரை ஏறும் பாட்டிக்கு உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 92 வயது, ஊட்டியில் எங்களோடு இருக்கிறார். ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறது, அதனால் இப்போது குடிக்கவே மாட்டேன் என்கிறார். ‘நிறைய தண்ணீர் கொடுங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படிக் கொடுப்பது?

பதில்:

நான் கோத்தகிரிக்காரி. வார்டு நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள். அப்படியிருந்தும் என் சொந்த அம்மாயிக்கு இதே பிரச்சினை வந்தபோது முதல் இரண்டு மாதம் அதைக் கவனிக்கத் தவறினேன். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார், புரை ஏறும், நாங்கள் உச்சந்தலையில் தட்டி “யாரோ உங்களை நினைக்கிறாங்க அம்மாயி” என்போம், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் ஓடிப்போய்விட்டது.

விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு நொடிக்குள் மூடியாக வேண்டும். வயதான தொண்டையில் அந்த மூடல் கொஞ்சம் தாமதமாகும். சோறு போன்ற கெட்டியான பொருள் மெதுவாக இறங்குவதால் அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்கிறது. தண்ணீர் காத்திருக்காது, வாசல் மூடும் முன்பே உள்ளே போய்விடும். அதனால்தான் இவர்களுக்குச் சோற்றைவிடத் தண்ணீர் கஷ்டம். அண்ணாந்து குடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் தொண்டைக்கு நேராக விழும், மூச்சுக்குழாய் வாசலும் அகலத் திறந்து நிற்கும். எச்சில் படாமல் குடிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் 92 வயதில் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். பாட்டி நேராக உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், டீஸ்பூனால் சாப்பிடட்டும். டம்ளர்தான் வேண்டும் என்றால் வாய் அகலமான டம்ளரில் கொடுங்கள். குறுகின டம்ளரில் கடைசி வாய்க்குத் தலை தானாகவே பின்னால் போகும்.

இனி ‘நிறைய தண்ணீர்’. அதைத் தண்ணீராகவே கொடுக்க வேண்டும் என்று இல்லை, சாப்பாடாகக் கொடுக்கலாம். தயிரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 85 மில்லி தண்ணீர்தான். நம் மலையில் வேலிக்கு வேலி காய்க்கும் மேரக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். வேகவைத்து மசித்துவிட்டால் ஒரு கிண்ணம் மேரக்காய் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஈடு. பேரிக்காய்க் காலத்தில் தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்தால் அதுவும் அப்படித்தான்.

அம்மாயிக்கு அப்போது 38 கிலோ எடை. எல்லாம் சேர்த்து நாளைக்கு 1200 மில்லி போதும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். இதயம், சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கணக்கு வேறு, அதனால் உங்கள் பாட்டிக்கான அளவை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் இப்படி ஓடும். காலை 7 மணிக்கு ஆரோரூட் மாவு சேர்த்த தேநீர் 100 மில்லி. எட்டரைக்கு ராகிக் கூழ் 200. பதினொன்றுக்குக் கெட்டி மோர் 150. மதியம் குழைய வடித்து மசித்த தயிர் சாதமும் மேரக்காய் மசியலும், அதில் தண்ணீர் மட்டும் 200 இருக்கும். மூன்றரைக்கு மறுபடி தேநீர் 100. ஐந்துக்குப் பழ மசியல், அதில் 130. ஆறரைக்கு அரிசி நொய்க் கஞ்சி 200. ஏறக்குறைய 1080 ஆகிவிட்டது. ஒரு வாய் வெறும் தண்ணீர்கூட இல்லை! மீதி, மாத்திரைக்குக் கொடுக்கும் தயிரிலும் இடையிடையே கொடுக்கும் இரண்டு ஸ்பூன் கஞ்சியிலும் வந்துவிடும்.

எந்தக் கெட்டி சரி என்பதுதான் அடுத்த சிக்கல். ‘கொஞ்சம் கெட்டியா’ என்று சொன்னால் வீட்டில் ஆளுக்கு ஒரு கெட்டி செய்வார்கள். இதை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு எளிய முறை உண்டு. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். அதில் 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், வேறு அளவாக இருந்தால் கணக்கு மாறும். ஊசியையும் உள்தண்டையும் எடுத்துவிட்டு, அடியை விரலால் அடைத்து, கஞ்சியை 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து நொடி எண்ணி மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்தான். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் இலேசான கெட்டி. 8-க்கு மேல் மிஞ்சினால் நடுத்தரக் கெட்டி. அம்மாயிக்கு 5, 6 மிஞ்சும் கஞ்சி ஒத்துக்கொண்டது. உங்கள் பாட்டிக்கு எது சரி என்பதை விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வதுதான் முறை. எங்களுக்குக் கோயம்புத்தூர்தான் இறங்க வேண்டியிருந்தது, ஒரே தடவை போனோம், போதுமாக இருந்தது.

ராகிக் கூழுக்கு 250 மில்லி தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி மாவு போட்டு, கட்டியில்லாமல் கரைத்து, நன்றாகக் கொதிக்கவைத்து வடிகட்டுவேன். தேநீருக்கு 100 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் ஆரோரூட், குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டும். இதெல்லாம் தொடக்க அளவுதான், மாவுக்கு மாவு மாறும், சிரிஞ்ச் சொல்வதைக் கேளுங்கள்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. ஒரு நாள் சரியாக அளந்து வைத்த கஞ்சிதான், பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு புரை ஏறியது. அப்புறம்தான் உறைத்தது. வாயில் வைத்த ஸ்பூனையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் போட்டிருந்தேன். எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் பொருள் இருக்கிறது, கால் மணி நேரத்தில் கஞ்சி நீர்த்துப் போய்விட்டது. அன்றிலிருந்து கிண்ணத்திலிருந்து எடுக்க ஒரு கரண்டி, வாயில் வைக்க ஒரு ஸ்பூன். இன்னொன்று நம் குளிர். அடுப்பிலிருந்து இறக்கும்போது சரியாக இருந்த கஞ்சி ஊட்டிக் குளிரில் பத்து நிமிடத்தில் பசை மாதிரி ஆகிவிடும். சாப்பிடும் சூட்டில் அளந்து பாருங்கள். ரொம்பக் கெட்டியும் நல்லதல்ல, தொண்டையில் ஒட்டி மிஞ்சும், சலித்துப்போய் மொத்தத்தில் குறைவாகவே உள்ளே போகும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம், கெட்டியும் நீரும் தனித்தனியாக இருக்கும் சாப்பாட்டுக்கு. ரசம் சாதம் ‘இலேசான சாப்பாடு’ என்று நினைப்போம். வாயில் பருக்கையை மெல்லும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். ஊட்டி வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்பதும் அதே கதைதான், உதிரும் தூளும் ஓடும் தேநீரும் ஒரே வாயில். அம்மாயி இதற்காக என்னோடு மூன்று நாள் பேசவில்லை. கடைசியில் வர்க்கியைப் பொடித்துக் கெட்டித் தேநீரில் முழுவதும் ஊறவைத்து, கூழாக மசித்துக் கொடுத்தேன். “இது வர்க்கி இல்லை” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ராகிக் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், தொண்டையையே அடைத்துவிடும். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும்.

இருமல் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். மிக வயதானவர்களில் சிலருக்கு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. ஒரு ஸ்பூன் கொடுத்தபின் குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா பாருங்கள், பிறகு “ம்…” சொல்லச் சொல்லுங்கள். குரல் சளி கட்டியதுபோலக் கரகரத்தால் உள்ளே எங்கோ தங்கியிருக்கிறது, அடுத்த ஸ்பூனுக்கு அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருக்கட்டும். காலையிலும் இரவிலும் வாயை, பல்செட்டைச் சுத்தம் செய்யுங்கள், வாயில் இருக்கும் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையைத் தயிரோடு கொடுக்கலாம். ஆனால் பொடிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள், மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

உடம்பில் நீர் குறைந்ததா என்று தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நம்பாதீர்கள், அந்த வயதில் தோல் எப்போதுமே தொய்வாகத்தான் இருக்கும். தாகம் எடுக்கிறதா என்று கேட்பதும் வீண், தாக உணர்வே மங்கிப்போயிருக்கும். திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, காலையிலிருந்து சிறுநீரே போகாதது, எழுப்ப முடியாத தூக்கம், இவைதான் உண்மையான அடையாளங்கள். இதில் ஒன்று வந்தாலும், மூச்சு வாங்கினாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும்கூட, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அப்போது வாய்வழியாகத் திணிக்காதீர்கள், அரைத்தூக்கத்தில் ஊட்டுவதுதான் பெரிய ஆபத்து.

கடைசியாக ஒன்று கேட்டுப் பாருங்கள். குடிக்க மாட்டேன் என்பதற்குப் புரை மட்டும்தான் காரணமா? அம்மாயி பல நாள் கழித்து ஒரு ராத்திரி சொன்னார், “கக்கூஸுக்கு அந்தக் குளிர்ல வெளிய போகணும், உன்னை எழுப்ப எனக்கு மனசில்ல.” எங்கள் வீட்டில் கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். ஒரு வாரத்துக்குள் ஆறரை மணிக் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளுவது நின்றது.