தாலித் தட்டு சுற்றி வரும்போதே சொல்லிவிடுங்கள்

"டொரண்டோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. செப்டம்பரில் இங்கேயே அக்காவின் திருமணம். புகைப்படக்காரர் இந்த ஊர்க்காரர், நம் சடங்குகளைப் பார்த்ததில்லை. அவருக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? ஆல்பத்துக்கு எவ்வளவு ஆகும்? ட்ரோன் தேவையா?"

தம்பி, ட்ரோனை விடுங்கள். ஆல்பம் விலையை அவரே சொல்வார். தாலி கட்டும் நேரத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

என் திருமணமும் இங்கே ஒரு வாடகை மண்டபத்தில்தான் நடந்தது. படமெடுத்தவர் தேவாலயத் திருமணங்களில் நல்ல பெயர் எடுத்தவர். அங்கே முக்கியமான கட்டம் வரும்போது எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். நம் வழக்கம் நேர்மாறு. "கெட்டி மேளம்" என்றதும் தவில் முழங்குகிறது, கூட்டம் எழுந்து மணமேடையை நெருங்குகிறது, மூன்று முடிச்சும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அவர் அப்போது பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். என் தாலிப் படத்தில் தெரிவது பெரியப்பாவின் முதுகு.

அதனால் சடங்குகளின் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளமும் எழுதுங்கள். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றி வரும். அதைக் கண்டதுமே அவர் பேட்டரியும் மெமரி கார்டும் மாற்றிக்கொண்டு இடம்பிடித்துவிட வேண்டும். மணமக்கள் மணையில் அமர்ந்திருப்பதால், நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். சற்றுப் பக்கவாட்டில், மணப்பெண்ணின் தோள் உயரத்தில் மண்டியிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனாரின் கையும் அப்போது தெரியும். இன்னொருவர் நாற்காலி மேல் ஏறி, அட்சதை விழுவதையும் உங்கள் அப்பா அம்மா முகத்தையும் எடுக்கட்டும். சொந்தக்காரப் பையனிடம் நல்ல கேமரா இருக்கிறது என்று இரண்டாம் ஆளை மிச்சம்பிடிக்கும் நம்மவர்கள் பலரை இங்கே பார்த்துவிட்டேன். அந்தப் பையனும் அட்சதை போடத்தான் எழுந்து போவான்.

குடும்பப் படங்களுக்கு ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது குழுவென்றால் ஒரு மணி நேரம். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் அவருக்கு அங்கிள்தான். ஆகவே இரு வீட்டிலும் முகம் தெரிந்த, குரல் உயர்த்தக்கூடிய ஒருவரைப் பெயர் கூப்பிட நிறுத்துங்கள். தாத்தா பாட்டி இருக்கும் பெரிய குழுவை முதலில் எடுத்துவிட்டு, அவர்களைப் பந்திக்கு அனுப்பிய பிறகு சின்னக் குழுக்களுக்கு வாருங்கள்.

நாங்கள் நண்பர்களிலிருந்து தொடங்கினோம். என் பாட்டிக்குச் சர்க்கரை நோய். பதினொன்றரை மணிக்குப் பசி தாங்காமல் அவரைச் சாப்பிட வைத்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மதுரையிலிருந்து முதன்முறையாக விமானம் ஏறி என் கல்யாணத்துக்கு வந்தவர். அரக்கு நிறப் பட்டுப்புடவையில் வாசலில் நின்று விருந்தினருக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். குடும்பப் படம் ஒன்றிலும் அவர் இல்லை.