பல் வலி குறைந்துவிட்டது, ஆனால் வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது: காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. கீழ்ப்பக்கக் கடைவாய்ச் சொத்தைப் பல்லில் நான்கு நாட்களாக வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இப்போது வலி நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் தாடைக்குக் கீழே வீங்கிக் கழுத்துப் பக்கம் இறங்குவது போல் இருக்கிறது. வீக்கம் வற்றிய பிறகுதான் பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்:

பொறுக்க வேண்டாம். இன்றே, முடிந்தால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும், அவரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். சாதாரணப் பல் கிளினிக்கைவிட, அவசரப் பிரிவும் மயக்க மருந்து நிபுணரும் உள்ள மருத்துவமனைக்குப் போவது நல்லது. அவர் எச்சில் விழுங்கத் திணறினாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ சொந்த வண்டியில் கிளம்ப வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் அவர் உட்கார்ந்தே இருக்கட்டும். படுக்கச் சொல்லாதீர்கள்.

நான் வாய், தாடை அறுவை சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்தும் வரி ‘வலி நன்றாகக் குறைந்துவிட்டது’ என்பதுதான். குடும்பத்தார் நிம்மதி அடைவது அந்த இடத்தில்தான், நோய் இடம் மாறுவதும் பல நேரங்களில் அதே இடத்தில்தான்.

சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் செத்துப்போகும்போது, கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சீழ் சேர்கிறது. எலும்பு விரிந்து கொடுக்காது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறி உயிர் போகிற வலி எடுக்கிறது. சீழ் எலும்பை அரித்து வெளியேறிய நொடியில் அந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. வலி குறைகிறது, ஆனால் கிருமி இப்போது தசைகளுக்கு இடையிலுள்ள தளர்வான இடங்களுக்கு வந்துவிட்டது. அங்கே அதைத் தடுத்து நிறுத்த எலும்புச் சுவர் இல்லை. வலி குறையும் அதே வேளையில் வீக்கம் கூடினால், குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

எந்தப் பல் என்பதைப் பொறுத்துத்தான் சீழ் போகும் திசை அமைகிறது. கீழ்த் தாடையின் உட்புறத்தில், நாக்குக்கு அடியில், மைலோஹையாய்டு என்ற தட்டையான தசை வாயின் தரையைப் போல் விரிந்திருக்கிறது. முன்பற்கள் தொடங்கி முதல் கடைவாய்ப் பல் வரை வேர் நுனிகள் பெரும்பாலும் இந்தத் தசைக்கு மேலே நிற்கும். அங்கிருந்து உட்பக்கம் வெளியேறும் சீழ் நாக்கின் அடியில் சேரும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்கள் தசைக்குக் கீழே இறங்கி நிற்கும். போதாக்குறைக்கு, அந்த இடத்தில் தாடையின் உட்புற எலும்பு மெல்லியது. எனவே அந்தப் பற்களின் சீழ் கன்னத்துக்கு வராமல் நேரே தாடையின் அடிப்பக்கத்துக்கு, கழுத்தின் மேல் பகுதிக்கு வந்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம்.

அந்தத் தசைக்கு மேலே இருக்கும் அறையும் கீழே இருக்கும் அறையும் அதன் பின் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. அதே மூலையிலிருந்து தொண்டையின் பக்கவாட்டுக்கும் வழி இருக்கிறது. தொண்டைக்குப் பின்னால் போய்விட்டால், அங்கிருந்து நெஞ்சுக்கூடு வரை இறங்குவதற்குத் தடை அதிகம் இல்லை. தாடையின் கீழும் நாக்கின் கீழும், இரு பக்கமும் ஒருசேரப் பரவிய நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக் இதை 1836-இல் விவரித்தார். இதில் ஆபத்து முதலில் வருவது மூச்சுக்குத்தான். வாயின் தரை வீங்கி நாக்கை மேலும் பின்னும் தள்ள, மூச்சுப் பாதை அடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடக்கூடும் என்பதால்தான் இரண்டு நாள் என்ற கணக்கு இங்கே செல்லாது.

எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் தெளிவாகப் புரியும். நாற்பதைத் தாண்டிய லாரி ஓட்டுநர், கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் பழைய சொத்தை. வழியில் ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் சிலவும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் உப்பு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். வலி விட்டதும் மறுபடி வண்டி ஏறிவிட்டார். மறுநாள் இரவு அவசரப் பிரிவுக்கு வந்தபோது நாற்காலியின் நுனியில் முன்னே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் துண்டு, எச்சிலை விழுங்க முடியாமல் அதில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. வாயை ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. தாடையின் கீழ் இரு பக்கமும் தொட்டால் மரக்கட்டையைப் போல் இறுகியிருந்தது, அழுத்தினால் குழி விழவில்லை. காய்ச்சல் பெரிதாக இல்லை, மாத்திரை அதை மறைத்திருந்தது. சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடலாம் என்பதால் முதலில் மூச்சுப் பாதையைக் காப்பாற்ற முடிவு செய்தோம். அவரை உட்கார்ந்த நிலையிலேயே, விழித்திருக்கும்போதே, மூக்கின் வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி அதன் மேல் சுவாசக் குழாயை இறக்கினார் மயக்க மருந்து நிபுணர். அது முடியாமல் போனால் கழுத்தில் துளையிடுவதற்கான கருவிகள் பக்கத்திலேயே தயாராக இருந்தன. பிறகு தாடையின் கீழ் இரு பக்கமும், மோவாயின் கீழும் கீறி, மைலோஹையாய்டு தசையைத் தாண்டி உள்ளறைகளைத் திறந்தோம். கெட்டிச் சீழ் கொஞ்சமே வந்தது. நாற்றமடிக்கும் பழுப்பு நீர்தான் அதிகம். இந்த நோயில் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், ஆகவே ‘சீழ் கட்டிப் பழுக்கட்டும்’ என்று காத்திருப்பதில் பொருளில்லை. அதே மயக்கத்தில் அந்தப் பல்லையும் எடுத்தோம். வடிகால் ரப்பர்களை வைத்து, ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினும் கொடுத்தோம். வீக்கம் தணிந்த பிறகே சுவாசக் குழாயை எடுத்தோம். பிழைத்துவிட்டார். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நேரத்தோடு வருபவர்களுக்குத்தான்.

மாத்திரை ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவை ரத்தத்தில் கலந்துதான் போக வேண்டும். செத்துப்போன பல்லின் உள்ளே ரத்த ஓட்டமே இல்லை, சீழ்க்கட்டியின் நடுவிலும் மருந்து போதிய அளவு சேராது. அதனால் மாத்திரை சுற்றியுள்ள திசுக்களில் பரவுவதை மட்டுப்படுத்தும், ஊற்றை அடைக்காது. ஊற்று அடைபட வேண்டுமானால் பல்லைத் திறந்து வேர் சிகிச்சை தொடங்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும், சீழ் வெளியே வந்திருந்தால் கீறி வடிய விட வேண்டும். கடையில் தரும் பொட்டலத்தில் சில நேரம் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அது வீக்கத்தையும் காய்ச்சலையும் கொஞ்ச நேரம் அமுக்கிக் காட்டும், சர்க்கரையை ஏற்றும், கிருமிக்கு வழிவிடும். சர்க்கரை நோயாளிக்கு இது மிகக் கெட்ட சேர்க்கை.

‘வீக்கம் வற்றட்டும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். வீங்கிப் பழுத்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. வாய் திறக்காவிட்டால் பல்லை எட்டவும் முடியாது. அதனால் சில நாள் தள்ளிப்போடும் பழக்கம் இருந்தது, இன்றும் சிலர் செய்கிறார்கள். ஆனால் சற்றுத் தள்ளி நரம்பின் அடியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடிந்தால், அல்லது மயக்கம் கொடுக்க முடிந்தால், வீக்கம் இருக்கும்போதே பல்லை எடுப்பதுதான் சீக்கிரம் குணமாக்குகிறது. பல்லைப் பிடுங்கினால் கிருமி மூளைக்கு ஏறிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பல்லை உள்ளே விட்டுவைப்பதுதான் பரவ வைக்கிறது.

பல்லால் வரும் எல்லா வீக்கமும் இப்படி ஆகாது. கன்னத்தில் மட்டும் மெத்தென்று வீங்கி, மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறந்து, தண்ணீர் தடையின்றி இறங்கி, காய்ச்சலும் இல்லை என்றால் அன்றோ மறுநாளோ பல் மருத்துவரைப் பார்த்தால் போதும். அவசரம் என்று நான் சொல்வது இவற்றில் ஒன்று தெரிந்தாலும்: தாடை எலும்பின் ஓரம் கையில் தட்டுப்படாமல் வீக்கம் அதை மூடிக் கழுத்துக்கு இறங்குவது, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதது, நாக்கு மேலே தூக்கி நிற்பது, எச்சில் வழிவது, குரல் மாறுவது, கழுத்தைத் திருப்ப வலிப்பது. இவற்றுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. மாத்திரை தொடங்கியும் வீக்கம் வளர்ந்துகொண்டே போனால் அதுவும் போதுமான காரணம்.

மேல்பற்களுக்கு வேறு பாதை. மேல் கோரைப்பல்லின் சீழ் மூக்கின் ஓரமாக ஏறிக் கண்ணின் கீழ் இமையை வீங்க வைக்கும். முகத்தின் சிரைகளில் ரத்தம் மண்டைக்குள்ளும் திரும்பிப் பாயக்கூடும். எனவே கண் மூடிக்கொள்ளும்படி வீங்குவது, கண் பிதுங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கடும் தலைவலி ஆகியவை வந்தால் அதுவும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைதான்.

கிளம்பும்போது கன்னத்தில் சூடு வைக்காதீர்கள். அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், சர்க்கரை மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உணவு எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார், சர்க்கரை மாத்திரையை எப்போது போட்டார் என்பதை அங்கே கேட்பார்கள். சாப்பிடாமல் இருப்பதால் சர்க்கரை இறங்கி வியர்த்துப் படபடப்பு வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் போன உடனே முதலில் அதைச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் ‘பல் வலி’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். ‘பல்லிலிருந்து கழுத்துக்கு வீக்கம் இறங்குகிறது, சர்க்கரை நோயாளி, விழுங்கவும் வாய் திறக்கவும் முடிகிறதா என்று உடனே பாருங்கள்’ என்று சொல்லுங்கள்.