பி.டி. பருத்தியில் மறுபடியும் புழு வருவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மரபணு மாற்றினால் மகசூல் கூடுமா?

பி.டி. என்பது ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பருத்தியில் சேர்த்த மரபணு; அதனால் செடியே காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும். அந்த மரபணு காயைப் பெரிதாக்காது. புழு தின்றுவிடக்கூடிய காயைக் காப்பாற்றித் தரும், அவ்வளவுதான். புழுத்தொல்லை கடுமையான ஆண்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். புழுவே வராத ஆண்டில் ஒன்றும் தெரியாது. மருந்துச் செலவும் அப்படித்தான். காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறையும். ஆனால் அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளை அந்த நஞ்சு தொடாது. அவை பெருகினால் மருந்தடித்துத்தான் ஆக வேண்டும்.

பி.டி. விதைதான் போட்டேன், காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு இருக்கிறதே?

விதை போலி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் இந்தப் புழு, முதலில் வந்த விதையில் இருந்த ஒரே நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது. இரண்டு நஞ்சுள்ள விதை வந்தது, பிறகு அதையும் தாங்கிக்கொண்டது.

இந்தப் புழுவுக்குப் பருத்திதான் முக்கிய உணவு. வயல் முழுக்க பி.டி. என்றால் நஞ்சைத் தாங்குபவை மட்டும் பிழைத்து, தமக்குள்ளேயே இணைசேரும். ஓரத்தில் சாதாரணப் பருத்தி சில வரிசை இருந்தால் அங்கே வளரும் அந்துப்பூச்சிகள் அவற்றோடு கலந்து, நஞ்சைத் தாங்கும் குணம் பரவும் வேகத்தைக் குறைக்கும். அதற்காகத் தனிப் பொட்டலத்தில் கொடுத்த விதையைப் பலர் விதைக்கவே இல்லை. விவசாயியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புழு தின்னட்டும் என்று யார்தான் நிலம் ஒதுக்குவார்? விதையிலேயே கலந்து கொடுத்திருக்க வேண்டும்.

வீரிய ஒட்டு விதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் மரபணு இருந்தால், காய்க்குள் உருவாகும் விதைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் அந்த நஞ்சு இருக்காது. குட்டிப்புழு அந்த நஞ்சில்லாத விதையைத் தின்று வளர்ந்து, பிறகு பக்கத்து விதையைக் கடித்தாலும் சாகாமல் தப்பிவிடலாம்.

வயலில் பரவலாக 20 பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் புழு இருந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது. இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல் முறுக்கி நிற்கும் பூவும் அடையாளம்தான். அறுவடையானதும் செடியை வயலில் விட்டுவைக்காதீர்கள்.

விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாமா?

முளைக்கும். ஆனால் ஒட்டு ரகம் என்றால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒரே மாதிரி இருக்காது, சிலவற்றில் நஞ்சும் இருக்காது. இது ஒட்டு விதையின் குணம், மரபணுவின் குற்றமல்ல. நிலையான ரகத்தில் பி.டி. கிடைத்தால் எடுத்துவைக்க முடியும்; அங்கே காப்புரிமை தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆண்டுதோறும் விதை வாங்கும் கட்டாயம் இங்கே பெரும்பாலும் ஒட்டு ரகத்தால் வந்தது. நிலையான ரகங்களைக் கேட்டு வாங்குவது நியாயமான கோரிக்கை.

பக்கத்து வயலில் உள்ள நாட்டுப் பருத்தியில் மரபணு ஏறிவிடாதா?

நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம், பி.டி. மரபணு சேர்த்த அமெரிக்க வகைக்கு 52. இரண்டும் சேர்ந்தால் பிறப்பது பெரும்பாலும் மலட்டுச் செடி. ஒரே வகை அருகருகே இருந்தால்தான் கவலை. பருத்தி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. தேனீதான் சுமந்து போக வேண்டும், தூரம் போகப்போகக் கலப்பு வேகமாகக் குறையும். அப்புறம், பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவை ஆலையில் விதைகள் கலப்பதைக் கவனியுங்கள். விதைக்கு வைத்திருக்கும் பருத்தியைத் தனியாக, இயந்திரத்தைச் சுத்தம் செய்த பிறகே அரைக்கச் சொல்லுங்கள்.