ஒரே டிராயிங், இரண்டு பேர்: நேற்று போட்ட வேலை எங்கே போனது?

கேள்வி: எங்களுடையது சின்ன ஆபீஸ். ஜி+4 அபார்ட்மென்ட் ஒன்றின் டிராயிங் முழுவதும் ஒரே ஆட்டோகேட் ஃபைலில் இருக்கிறது, 80 எம்பி. கூகுள் டிரைவ் ஃபோல்டரில் வைத்து நானும் இன்னொருவரும் வரைகிறோம். நேற்று மதியம் முழுக்க நான் போட்ட எலக்ட்ரிக்கல் இன்று காலையில் காணோம். அவர் மாற்றிய சுவர்கள் மட்டும் இருக்கின்றன. ஆட்டோகேட் ஏன் எச்சரிக்கவே இல்லை? இனி எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: முதலில் இருவரும் அந்த ஃபைலை மூடிவிடுங்கள். யாரும் இன்னொரு முறை சேவ் செய்ய வேண்டாம். நேற்றைய வேலை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பிரவுசரில் டிரைவைத் திறந்து, அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து `Manage versions` பகுதிக்குப் போங்கள். பழைய பதிப்புகள் 30 நாள் வரை, அல்லது 100 பதிப்புகள் வரை அங்கே இருக்கும். நேற்று மாலை நீங்கள் சேவ் செய்த நேரத்துக்கு உரியதை வேறு பெயரில் இறக்கிக்கொள்ளுங்கள். அது அங்கே இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் `.bak` ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். நகலெடுத்து `.dwg` என்று பெயர் மாற்றினால் திறக்கும். ஆனால் அது கடைசி சேவுக்கு முந்தைய ஒரே ஒரு நிலைதான்.

இப்போது கையில் இரண்டு ஃபைல்கள்: அவருடைய சுவர் உள்ளது, உங்கள் எலக்ட்ரிக்கல் உள்ளது. அவருடையதைத் திறந்து `COMPARE` கொடுத்து உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். நிறங்களை மாற்றி வைத்திருக்காவிட்டால், திறந்திருக்கும் டிராயிங்கில் மட்டும் இருப்பவை பச்சையாகவும், உங்கள் ஃபைலில் மட்டும் இருப்பவை சிவப்பாகவும் தெரியும். வேண்டிய சிவப்புக் கோடுகளை `COMPAREIMPORT` மூலம் உள்ளே கொண்டுவரலாம் (2020 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு). சிவப்பு எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிவிடாதீர்கள். அவர் வேண்டுமென்றே அழித்த பழைய சுவரும் உங்கள் ஃபைலில் இருப்பதால் சிவப்பாகத்தான் தெரியும். எலக்ட்ரிக்கல் லேயர்களை மட்டும் எரியவிட்டு, ஒரு மாடியாகப் பார்த்து எடுப்பதே நல்லது.

ஆட்டோகேட் எச்சரிக்காததற்குக் காரணம் இது. ஒரு டிராயிங்கைத் திறந்ததும் விண்டோஸ் அந்த ஃபைலுக்குப் பூட்டுப் போடுகிறது. யார் திறந்தார், எந்தக் கம்ப்யூட்டரில், எப்போது என்ற குறிப்பை ஆட்டோகேட் `.dwl`, `.dwl2` என்ற சின்ன ஃபைல்களில் எழுதிவைக்கிறது. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலோ, நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்கான நாஸ் பெட்டியிலோ ஷேர் செய்த ஃபோல்டர் என்றால் இருப்பது ஒரே ஃபைல், ஒரே பூட்டு. இரண்டாமவர் திறக்கும்போது ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது, ரீட்-ஒன்லியாகத் திறக்கவா என்று கேட்கும். டிரைவ் ஃபோல்டரிலோ உங்கள் ஆட்டோகேட் உங்கள் டிஸ்கில் உள்ள நகலைப் பூட்டுகிறது, அவருடையது அவர் டிஸ்கில் உள்ள நகலை. ஒரு வீட்டுக் கதவைப் பூட்டினால் பக்கத்து வீட்டுக் கதவு பூட்டிக்கொள்ளுமா? இருவரும் தாராளமாக சேவ் செய்கிறீர்கள், கடைசியாக டிரைவில் ஏறியதே நிலைக்கிறது. ஃபைல் பெரிதாக இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. 10 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 80 எம்பி ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மற்றவர் பழைய நகலைத் திறந்துவிடுவார்.

வேகமான இன்டர்நெட்டோ, இதே மாதிரி ஒத்திசைக்கும் வேறு கிளவுடோ இதைத் தீர்க்காது. ஒரு ஃபைலை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுதும்படி டிராயிங்கைப் பிரித்து, ஒரு டிராயிங்கை இன்னொன்றுக்குள் இணைத்துக் காட்டும் எக்ஸ்ரெஃப் மூலம் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. உங்கள் கட்டிடத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்: தூண்களும் கிரிட் கோடுகளும் `GRID.dwg`. தரைத்தளச் சுவர், கதவு, ஜன்னல், அறைப் பெயர்கள் `GF-WALL.dwg`. எலக்ட்ரிக்கல் `GF-ELEC.dwg`. மற்ற மாடிகளும் இதே மாதிரி. டைட்டில் பிளாக்கும் வியூபோர்ட்டும் மட்டும் கொண்ட ஷீட் `A-101.dwg`. சுவர் அவருக்கு, எலக்ட்ரிக்கல் உங்களுக்கு.

பிரிக்கும் முன் மூல ஃபைலை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். பிறகு `WBLOCK` கொடுத்து, தேவையான பொருட்களைத் தேர்ந்து, பேஸ் பாயின்ட்டை 0,0,0 என்றே வைத்து எழுதுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வசதியாக இருக்கட்டும் என்று கட்டிடத்தின் மூலையைக் கிளிக் செய்துவிட்டால் எந்த ஃபைலும் இன்னொன்றோடு பொருந்தாது. யூனிட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். `INSUNITS` ஒன்றில் மில்லிமீட்டர், ஒன்றில் இன்ச் என்றிருந்தால் சுவர் 25.4 மடங்கு வீங்கியோ சுருங்கியோ வந்து நிற்கும்.

அடுத்து `GF-ELEC.dwg` ஃபைலைத் திறந்து `XATTACH` மூலம் `GF-WALL.dwg` ஃபைலை இணையுங்கள். வகை `Overlay`, பாதை `Relative path`, செருகும் இடம் 0,0,0, ஸ்கேல் 1. `Attachment` வேண்டாம். அப்படி இணைத்தால் ஷீட்டில் எலக்ட்ரிக்கலைச் சேர்க்கும்போது சுவரும் பின்னாலேயே வந்து, ஏற்கெனவே சேர்த்த சுவரின் மேல் இரண்டாவது முறை உட்காரும். ரிலேட்டிவ் பாதை இல்லையென்றால், டிரைவ் எழுத்து உங்களுக்கு G, அவருக்கு H என்று மாறியிருந்தாலே எக்ஸ்ரெஃப் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடும்.

அவர் சுவரை மாற்றி சேவ் செய்தால் உங்கள் திரையின் கீழ் வலது மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். ஆட்டோகேட் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறது, ஆகவே உடனே வராது. காத்திருக்க வேண்டாமென்றால் எல்லா எக்ஸ்ரெஃபையும் கையால் புதுப்பிக்கலாம்:

```
-XREF
R
*
```

இரண்டு செட்டிங்குகளைச் சரிபாருங்கள். `XLOADCTL` 2 ஆக இருக்க வேண்டும். அது 1 ஆக இருந்தால், நீங்கள் சுவரை எக்ஸ்ரெஃபாக வைத்திருக்கும் வரை அவரால் சுவர் ஃபைலில் எழுத முடியாது. "யாருமே திறக்கவில்லை, ஆனால் ரீட்-ஒன்லி என்கிறது" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். `GRID.dwg` ஃபைலுக்குள் `XEDIT` 0 என்று வைத்து சேவ் செய்யுங்கள். யாரும் தங்கள் டிராயிங்கிலிருந்தபடியே `REFEDIT` செய்து தூணை நகர்த்த முடியாது.

ஃபைல்களை எங்கே வைப்பது? இருவரும் ஒரே ஆபீஸில் இருந்தால் டிரைவ் வேண்டாம். நாஸ் அல்லது ஷேர் செய்த ஃபோல்டர் போதும், டிரைவை ராத்திரி பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யார் திறந்திருக்கிறார் என்று பார்க்க `WHOHAS` இருக்கிறது. கம்ப்யூட்டர் கிராஷ் ஆன பிறகு `.dwl` ஃபைல் தங்கிவிட்டால், யாரும் திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழிக்கலாம். ஆனால் இன்னொருவர் நிஜமாகவே திறந்திருக்கும்போது அதை அழித்து ஒரு பயனும் இல்லை, பூட்டு விண்டோஸிடம் இருக்கிறது.

ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், டிரைவ் தவிர வழியில்லை என்றால், பிரித்த ஃபைல்களோடு டிரைவிலேயே ஓட்டலாம். அங்கே பூட்டு கிடையாது என்பதால் ஃபைலுக்கு ஒருவர் என்ற ஒப்பந்தம்தான் பூட்டு. அவசரத்துக்கு அவருடைய சுவரில் ஒரு கதவை நகர்த்த வேண்டுமா? போன் செய்து, அவர் மூடி, டிரைவ் ஐகானில் ஏற்றம் முடிந்ததாகக் காட்டிய பிறகு திறங்கள்.

ஷேர் ஃபோல்டருக்கு மாறியதும் ஒரு சோதனை: இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபைலைத் திறந்து பாருங்கள். இரண்டாவதில் ரீட்-ஒன்லி கேள்வி வராவிட்டால், அது இன்னும் எங்கோ ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.