முன்பணம் வந்த மாதமா, சரக்கு போய்ச் சேர்ந்த மாதமா?

கேள்வி: "ஆர்டரின் பேரில் நாற்காலிகள் செய்து கொடுக்கிறோம். ஆர்டர் உறுதியானதும் 40 சதவீதம் முன்பணம் வாங்குவோம். சரக்கு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோதான் போகும். பணம் வந்த அன்றே அதை விற்பனைக் கணக்கில் வரவு வைக்கிறோம். ஒரு மாதம் லாபம் எகிறுகிறது, அடுத்த மாதம் நட்டம் வருகிறது. எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?"

பதில்: முன்பணம் கைக்கு வந்த நாளில் உங்களுக்கு ஏற்படுவது ஒரு பொறுப்பு, சரக்கைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் பெரும்பாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எனவே அந்தத் தொகை இருப்புநிலைக் குறிப்பில் "வாடிக்கையாளர் முன்பணம்" என்ற பொறுப்புக் கணக்கில் நிற்க வேண்டுமே தவிர, இலாப நட்டக் கணக்கை எட்டக் கூடாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை இதை ஒப்பந்தப் பொறுப்பு என்று குறிப்பிடுகிறது. சரக்கின் மீதான கட்டுப்பாடு வாடிக்கையாளருக்குக் கைமாறும்போதுதான் வருவாய் பிறக்கிறது என்பது அதன் அடிப்படை.

ஓர் ஆர்டரை முழுவதுமாக எழுதிப் பார்ப்போம். 60 நாற்காலிகள், ஒன்றின் விலை 5,000, மொத்தம் 3,00,000. ஒன்றின் அடக்கவிலை 3,200. மார்ச் 12 அன்று 40 சதவீதமான 1,20,000 வருகிறது. அன்று வங்கிக் கணக்கில் 1,20,000 பற்று, வாடிக்கையாளர் முன்பணக் கணக்கில் 1,20,000 வரவு. மார்ச் மாதத்துக்கு இந்த ஆர்டரால் விற்பனையும் இல்லை, லாபமும் இல்லை. அந்த மாதத்தில் மரம் வாங்கி அறுத்து வேலையைத் தொடங்கியிருந்தாலும், அந்தச் செலவு முடிவுறாத உற்பத்தியாகச் சரக்கிருப்பில்தான் இருக்கும்.

ஏப்ரல் 20 அன்று 25 நாற்காலிகள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. வருவாய் 1,25,000. ஒவ்வொரு நாற்காலியின் விலையிலும் 2,000 முன்பணமாக ஏற்கெனவே வந்துவிட்டதால், முன்பணக் கணக்கில் 50,000 பற்று, கடனாளி கணக்கில் 75,000 பற்று, விற்பனைக் கணக்கில் 1,25,000 வரவு என்று எழுத வேண்டும். அதே நாளில் 80,000 சரக்கிருப்பிலிருந்து வெளியேறி, விற்ற சரக்கின் அடக்கவிலையாகிறது. ஏப்ரலில் மொத்த லாபம் 45,000. பொறுப்பில் மீதம் 70,000. மே மாதத்தில் எஞ்சிய 35 நாற்காலிகள் போகும்போது வருவாய் 1,75,000, அடக்கவிலை 1,12,000, லாபம் 63,000; முன்பணக் கணக்கு சுழியத்துக்கு வந்துவிடும். ஆர்டரின் மொத்த லாபம் 1,08,000.

இதையே இப்போது நீங்கள் எழுதும் முறையில் எழுதினால், மார்ச் மாதம் எந்தச் செலவும் எதிரில் இல்லாமல் 1,20,000 லாபம் காட்டும், அதாவது முழு ஆர்டரிலும் கிடைக்கப்போகும் லாபத்தைவிட அதிகம். ஏப்ரலில் மீதி 60 சதவீதமான 75,000 மட்டுமே விற்பனையாக வந்து, 80,000 அடக்கவிலை கழிந்து 5,000 நட்டம் வரும். மே மாதத்தில் 7,000 நட்டம் வரும். கூட்டிப் பார்த்தால் அதே 1,08,000தான். ஆண்டின் மொத்தம் ஏறக்குறைய சரியாக வந்துவிடுவதால் இந்தப் பிழை பல ஆண்டுகள் கண்ணில் படாமலே போகும். ஆனால் ஆண்டின் கடைசி மாதத்தில் வாங்கிய முன்பணங்கள் அந்த ஆண்டின் லாபத்தைப் பெருக்கிக் காட்டும் என்பதால், அங்கே ஆண்டுக் கணக்கே தவறாகிவிடும்.

மாத இறுதியில் வழியில் இருக்கும் சரக்கைப் பற்றித் தனியாகக் கவனம் தேவை. மேற்சொன்ன 35 நாற்காலிகள் ஏப்ரல் 30 அன்று லாரியில் ஏறி, மே 2 அன்று வாடிக்கையாளரிடம் இறங்கினால், வருவாய் எந்த மாதத்துக்கு உரியது? உங்கள் இன்வாய்ஸின் தேதி இதைத் தீர்மானிக்காது. வாடிக்கையாளரின் இடத்தில் இறக்கிக் கையெழுத்து வாங்கும் வரை சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னால் அது பெரும்பாலும் மே மாத விற்பனை. ஏப்ரல் 30 அன்று அந்த 35 நாற்காலிகளும் உங்கள் சரக்கிருப்பிலேயே இருக்க வேண்டும். லாரியில் ஒப்படைத்த கணமே உரிமையும் இடர்ப்பாடும் கைமாறும் என்று எழுதியிருந்தால் ஏப்ரல் மாத விற்பனை. ஆகவே மாதம் முடிந்ததும் கடைசி ஓரிரு நாள்களின் டெலிவரி சலான்களை எடுத்து, கையெழுத்தான தேதியோடு விற்பனைப் பதிவுகளை ஒப்பிடுங்கள்.

"முன்பணம் திருப்பித் தரப்படாது என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோம், அப்படியானால் அது எங்கள் வருவாய்தானே" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை, சரக்கைக் கொடுக்க வேண்டிய கடமை அப்படியே இருப்பதால் அது பொறுப்பாகவே தொடரும். வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்து, உங்கள் கடமையும் முடிந்து, பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதும் உறுதியான பிறகே அதை வருமானத்துக்குக் கொண்டுவரலாம். வேறு எவருக்கும் விற்க முடியாதபடி ஒரு வாடிக்கையாளருக்கென்றே செய்யப்படும் பொருள்களில் மட்டும், வேலை நடக்க நடக்கவே வருவாயைக் காட்டும் நிலை வரலாம். ஆனால் வாடிக்கையாளர் இடையில் விலகினாலும், அதுவரை முடித்த வேலைக்கான தொகையை நியாயமான லாபத்தோடு கேட்டுப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். 40 சதவீத முன்பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் இருந்தால் போதாது, ஏனெனில் 80 சதவீத வேலை முடிந்திருக்கும்போது அது ஈடாகாது. எவருக்கும் விற்கக்கூடிய வழக்கமான நாற்காலிகளுக்கு இந்த வழி பொருந்தாது.

வரி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பணம் வாங்கியதுமே வரி கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்களும் உண்டு. அந்த வரியைக் கட்டுவதாலோ, அதற்கான பில்லைப் போடுவதாலோ வருவாய் பிறந்துவிடாது. முன்பணத்தோடு வந்த வரித் தொகையை வரிப் பொறுப்புக் கணக்கில் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

இந்த முறைக்கு மாறிய பிறகு, மாதந்தோறும் முன்பணக் கணக்கின் நிலுவையை ஆர்டர் எண் வாரியாகப் பட்டியலிட்டு, பேரேட்டு நிலுவையோடு பொருத்திப் பாருங்கள். உண்மையான பிழைகள் இங்கேதான் அகப்படும். ஓர் ஆர்டருக்கு எதிரே பற்று நிலுவை இருந்தால், முன்பணம் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கும், அல்லது வந்த பணம் இன்னும் பழைய பழக்கத்தில் விற்பனைக்குப் போயிருக்கும். சரக்கு முழுவதும் போய்ச் சேர்ந்த ஆர்டரில் வரவு நிலுவை தங்கியிருந்தால், டெலிவரியின்போது முன்பணத்தைக் கழிக்காமல் முழுத் தொகையையும் கடனாளி கணக்கில் பற்று எழுதியிருப்பீர்கள். வாடிக்கையாளர் தரவேண்டியதைவிட அதிகம் தரவேண்டும் என்று கணக்கு காட்டும். முன்பணத்தை நேராகக் கடனாளி கணக்கிலேயே வரவு வைப்பதும் பரவலாக நடக்கிறது. அப்போது ஒருவரின் முன்பணம் இன்னொருவரின் பாக்கியைக் குறைத்துக் காட்டுவதால், கடனாளிகள் பட்டியலில் வரவு நிலுவையாக நிற்கும் முன்பணங்களை மாத இறுதியில் பொறுப்புப் பக்கத்துக்கு மாற்றியாக வேண்டும்.

ஏற்கெனவே எழுதியவற்றைச் சரிசெய்ய, இன்றைய தேதியில் டெலிவரி முடியாத ஆர்டர்கள் அனைத்தையும் பட்டியலிட்டு, அவற்றில் இன்னும் போகாத சரக்குக்காக விற்பனையில் வரவு வைத்த முன்பணத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது நடப்பு ஆண்டில் வந்த தொகையானால், விற்பனைக் கணக்கில் பற்று, முன்பணக் கணக்கில் வரவு என்ற ஒரே பதிவு போதும். மாத அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்காக முந்தைய மாத எண்களையும் திருத்தி வைப்பது நல்லது. முடிந்துபோன ஆண்டின் கடைசி நாளிலும் இத்தகைய முன்பணங்கள் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால், அதை இந்த ஆண்டு விற்பனையிலிருந்து கழிக்காதீர்கள். முந்தைய ஆண்டின் எண்களையும் தொடக்க இருப்பு லாபத்தையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்பதால், பதிவு போடும் முன்பே உங்கள் தணிக்கையாளரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.